வத்தல் மூட்டைக்கு எந்தக் கிடங்கு? மாத வாடகை, சீசன் வாடகை, ரசீதின் பின்பக்கம்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். களத்தில் காய்ந்து கிடக்கும் மிளகாய் வத்தலை இப்போதே கமிஷன் கடையில் போட்டுவிடுவதா, கோல்டு ஸ்டோரேஜில் அடுக்கி வைத்துவிட்டு ஐப்பசி வரை பார்ப்பதா? ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் முண்டு ரகமும் சம்பா ரகமும் மாசியிலிருந்து சித்திரைக்குள் வந்து குவிகிற சரக்கு. எல்லார் வீட்டு மூட்டையும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போவதால் விலை அமுங்கும். ஆந்திராவின் புதுச் சரக்கு ஜனவரி, பிப்ரவரியில் இறங்கத் தொடங்கும். அதற்கு முந்திய மாதங்களில்தான் பழைய சரக்குக்கு மதிப்பு கூட வாய்ப்பு உண்டு.

வீட்டிலோ சாதாரணக் குடோனிலோ வைத்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கோடை வெக்கையில் மூன்று நான்கு மாதத்தில் சிவப்பு மங்கிப் பழுப்பேறும், வண்டு விழும். மழை பிடித்ததும் வத்தல் ஈரம் இழுத்துப் பதத்துப்போகும். குளிரில் நிறம் நிற்கும், வண்டு பெருகாது. அதனால் குளிர்பதனக் கிடங்கு வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கிடங்கு, எந்த வாடகை முறை, சரக்கு கெட்டால் யார் பொறுப்பு என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் முதல் இரண்டை மட்டும் விசாரித்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் விட்டேன்.

கணக்குக்காக ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். 60 மூட்டை முண்டு வத்தல், மூட்டைக்கு 25 கிலோ, ஆக 1,500 கிலோ. உள்ளே போகும் நாள் ஏப்ரல் 12. மொத்தத்தையும் ஒரே நாளில் விற்க மாட்டோம். ஜூலை 20-ல் இருபது மூட்டை, செப்டம்பர் 25-ல் இருபது, நவம்பர் 18-ல் கடைசி இருபது என்று எடுக்கிறோம். கீழே வரும் வாடகை எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கிடங்கு சொல்லும் ரேட்டை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள், கணக்கு முறை மாறாது.

முதல் கிடங்கு மாத வாடகைக்காரர். மூட்டைக்கு மாதம் 14 ரூபாய், ஒரு நாள் கூடினாலும் முழு மாதம். இரண்டாவது கிடங்கு சீசன் வாடகை கேட்கிறது. எப்போது எடுத்தாலும் சரி, நவம்பர் 30 வரை மூட்டைக்கு 90 ரூபாய், அதைத் தாண்டினால் தனி மாத வாடகை. மூன்றாவது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தோடு சேர்ந்த குளிர்பதனக் கிடங்கு. எங்கள் மாவட்டத்தில் எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்தில் இருப்பது போன்றது. அதற்குக் குவிண்டாலுக்கு மாதம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அதாவது நம் மூட்டைக்குப் பத்து ரூபாய், அரை மாதக் கணக்கும் உண்டு. ஆனால் லாரி வாடகை போக வரக் கூடுதலாக 1,500 ரூபாய் ஆகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் 90-ஐ 14-ஆல் வகுத்து, ஆறரை மாதத்துக்கு மேல் வைப்பதானால் சீசன் வாடகை லாபம் என்று முடிவுகட்டத் தோன்றும். மொத்தச் சரக்கையும் நவம்பர் வரை அசைக்காமல் வைப்பவருக்கு அது சரி. பிரித்துப் பிரித்து எடுப்பவருக்குச் சரியில்லை. மாத வாடகையில் முதல் இருபது மூட்டை நான்காம் மாதத்தில் வெளியே வருகிறது, மூட்டைக்கு 56 ரூபாய். இரண்டாவது ஆறாம் மாதம், 84. மூன்றாவது எட்டாம் மாதம், 112. மொத்தம் 5,040 ரூபாய். சீசன் வாடகையில் 5,400. கடைசி இருபது மூட்டைக்கு மட்டும் பார்த்தால் சீசன்தான் மலிவு, ஆனால் சீக்கிரம் எடுத்த மூட்டைகள் அந்த லாபத்தைச் சாப்பிட்டுவிடுகின்றன. விற்பனைக் கூடக் கிடங்கில் இதே மூன்று தவணைக்கும் வாடகை 3,300, லாரியைச் சேர்த்தால் 4,800.

இப்போது தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 12-ல் உள்ளே போன சரக்குக்கு ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதியோடு ஒரு மாதம் முடிகிறது. ஜூலை 20-க்குப் பதில் ஜூலை 10, செப்டம்பர் 25-க்குப் பதில் செப்டம்பர் 10, நவம்பர் 18-க்குப் பதில் நவம்பர் 10 என்று எடுத்திருந்தால் மூட்டைக்கு 42, 70, 98. மொத்தம் 4,200 ரூபாய்தான். அதே கிடங்கு, அதே ரேட், சில நாள் வித்தியாசத்தில் 840 ரூபாய் மிச்சம். அதனால் ரேட் கேட்கும்போதே, மாதம் என்றால் உள்ளே போன தேதியிலிருந்தா, இங்கிலீஷ் மாதமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இங்கிலீஷ் மாதக் கணக்கு என்றால் ஏப்ரல் 28-ல் மூட்டையை இறக்கினால்கூட மூன்று நாளுக்கு ஒரு முழு மாத வாடகை போய்விடும். அப்படிப்பட்ட இடத்துக்கு மே முதல் தேதி கொண்டுபோவதே மேல். தவணையாக எடுப்பதை ஏற்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் லாட்டை உடைத்தால் ஒவ்வொரு முறையும் அட்டி பிரிக்கும் கூலி தனியாக வரும்.

மூட்டை என்றால் எத்தனை கிலோ என்பதும் இதே மாதிரிதான். வாடகை மூட்டைக்கு என்பதால் 25 கிலோ சாக்கில் முப்பது கிலோ திணித்தால் லாபம் என்று நினைப்போம். முண்டு வத்தல் உருண்டை, அமுக்கினால் உடையும். உடைந்தால் விதை கொட்டி, அடிச்சாக்கில் விதையும் தோலும் தனித்தனியாகக் கிடக்கும், வியாபாரி கையை விட்டுப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். இறுக்கிய மூட்டைக்குள் குளிர்க்காற்றும் புகாது. மாதம் இரண்டு மூன்று ரூபாய் வாடகையை மிச்சம் பிடிக்கப்போய்க் கிலோவுக்குப் பத்து ரூபாயை விட வேண்டாம்.

சரி, இவ்வளவு நேரம் பார்த்த மூன்று கிடங்குக்கும் நடுவில் மொத்த வித்தியாசம் அறுநூறு ரூபாய். இதைச் சரக்கின் மதிப்போடு வைத்துப் பாருங்கள். கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் 1,500 கிலோவுக்கு 2,70,000 ரூபாய். ஒரு மூட்டை 4,500 ரூபாய். அறுபதில் இரண்டு மூட்டை பூஞ்சணம் பிடித்துப் போனால் 9,000 ரூபாய், மொத்த சீசன் வாடகையையும் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்தை முடக்கி வைத்ததற்கான வட்டியும் வாடகையைவிடப் பெரிது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால், 90,000 ரூபாய்ச் சரக்கு மூன்றே கால் மாதம், அடுத்த 90,000 ஐந்தரை மாதம், மூன்றாவது ஏழே கால் மாதம். எல்லாம் சேர்த்து 14,400 ரூபாய். வாடகை 5,040, ஏற்று இறக்குக் கூலி 1,200 என்று கூட்டினால் 20,640. கிலோவுக்கு 14 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சராசரியாக இந்த அளவு விலை ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். இந்த எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு, பணத்தேவை இருந்த வருஷங்களில் பாதிச் சரக்கை ஏப்ரலிலேயே விற்றிருக்கிறேன்.

வட்டி விஷயத்தில் விற்பனைக் கூடத்துக்கு ஒரு பலம் உண்டு. அங்கே சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரை, வருஷத்துக்கு 5 சதவீத வட்டியில் கிடைக்கும். வெளியில் 12 சதவீதம் கொடுப்பவருக்கு இது வாடகையைவிடப் பெரிய மிச்சம். 180 நாளில் திருப்ப வேண்டும் என்பதால் ஏப்ரலில் வைத்தவருக்குக் கெடு அக்டோபரில் முடிகிறது. நவம்பர்வரை காத்திருக்க நினைப்பவர் நடுவில் விற்கும் தவணையில் கடனை அடைப்பதாகத் திட்டம் போட வேண்டும்.

இனி பொறுப்பு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தனியார் கிடங்கில் சரக்கை வைத்துவிட்டுச் செப்டம்பரில் எடுக்கப் போனேன். அட்டியின் அடிவரிசையில் இருந்த நான்கு மூட்டையைத் தூக்கும்போதே கனம் வேறு மாதிரி இருந்தது. சரியாகக் காய்ந்த வத்தலை உலுக்கினால் உள்ளே விதை கலகல என்று சத்தம் போடும். இதில் சத்தமே இல்லை. வெளியே பார்க்க நிறம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் உட்தோலிலும் விதை ஒட்டியிருக்கும் நடுத்தண்டிலும் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். கிடங்குக்காரரிடம் காட்டினேன். "நீங்க ஈரத்தோட கொண்டுவந்தா நான் என்ன தம்பி செய்ய முடியும்?" என்றார். "காய வெச்சுத்தான் அண்ணாச்சி கொண்டுவந்தேன்" என்றேன். அவரிடமும் அத்தாட்சி இல்லை, என்னிடமும் இல்லை. ரசீதில் இருந்தது "வத்தல், மூட்டை 48" என்ற ஒரு வரி. பின்பக்கம் பொடி எழுத்தில், "சரக்கின் தரத்துக்கும் கெடுதலுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல". நான்கு மூட்டையையும் சண்டு விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கவும் இடம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மூட்டை பிடிக்கும்போது வத்தல் உடையாமல் இருக்க லேசாகத் தண்ணீர் தெளிப்பது நம்மவர்கள் பழக்கம். பத்து, பதினொரு சதவீத ஈரத்தில் இருக்க வேண்டிய சரக்கு அதனால் பதினான்கு, பதினைந்துக்குப் போய்விடும். குளிர் பூஞ்சணத்தின் வேகத்தைக் குறைக்கும், ஈரச் சரக்கைக் காப்பாற்றிவிடாது. இன்னொரு பக்கம், மூட்டையை மரச்சட்டம் போடாமல் வெறும் தரையில் அடுக்கினாலும், சுவரோடு ஒட்டி வைத்தாலும், குளிரூட்டும் சுருளிலிருந்து சொட்டும் தண்ணீர் மேல்மூட்டையில் விழுந்தாலும் இதே பூஞ்சணம்தான் வரும். புளியை அடுத்த அட்டியில் வைத்து அதன் சாறு கசிந்து சாக்கு நனைந்தாலும் அப்படித்தான். காரணத்தை ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். வந்த ஈரம் என்றால் ஒரே நாளில் பிடித்த மூட்டைகளில் பரவலாக, மூட்டையின் நடுவிலிருந்தே கெட்டிருக்கும். கிடங்கின் கோளாறு என்றால் அடிவரிசை, சுவரோரம், சுருளுக்கு நேர் கீழே என்று இடம் பார்த்துக் கெட்டிருக்கும், சாக்கிலும் கறை தெரியும். என் நான்கும் அடிவரிசை. அதை அன்று அந்த இடத்தில் போட்டோ எடுக்கத் தோன்றாமல் போனது என் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, பிறர் சரக்கைப் பொறுப்பில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சரக்கை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும். அந்தக் கவனத்தை எடுத்திருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, இழப்புக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 152-ஆம் பிரிவு. 161-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: கேட்ட உரிய நேரத்தில் அவர் தவறால் சரக்கைத் திருப்பித் தராமல் போனால், அந்த நேரத்திலிருந்து நேரும் இழப்புக்கு அவரே பொறுப்பு. அதனால் "இன்னைக்கு ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால், கேட்ட தேதியை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள். பொடி எழுத்து இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் வழக்கு என்று போனால், உள்ளே போகும்போது சரக்கு எப்படி இருந்தது என்ற அத்தாட்சி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நாம் போகும் இடம் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றதா என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். 2007-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் வந்த ஆணையம் அது, wdra.gov.in தளத்தில் பதிவு பெற்ற கிடங்குகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்ற கிடங்கு மின்னணு ரசீது தர முடியும், அதில் எடையும் தரமும் பதிவாகும், அதை வைத்து வங்கியில் கடன் கேட்கலாம். சரக்குக்குக் கிடங்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கவும் வேண்டும். வாடகை ஒன்றிரண்டு ரூபாய் கூட இருந்தாலும் இப்படிப்பட்ட இடத்தையே நான் முதலில் பார்ப்பேன்.

இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியாகிவிட வேண்டாம். தீக்கான பாலிசி வேறு, இயந்திரம் பழுதாகிச் சரக்கு கெட்டால் ஈடு தரும் பாலிசி வேறு. இரண்டாவதைப் பல கிடங்குகள் எடுப்பதில்லை. வத்தலுக்கு ஒரு நாள் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது என்பதால் நமக்கு அது பெரிய குறையில்லை. (கிரேட்டில் திராட்சையோ தக்காளியோ வைப்பவருக்கு அதுதான் உயிர். அவர் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு.) நாம் கேட்க வேண்டியது, பாலிசியில் நம் சரக்குக்குக் கிலோவுக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள், விவசாயியின் சரக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதை.

இதற்கு வத்தல்காரர்களே சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது. கர்நாடகத்தில் பியாடகி மிளகாயும் வேறு விளைச்சலும் போட்ட விவசாயிகள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்கை வைத்து, அதன்மேல் வங்கியில் கடனும் வாங்கியிருந்தார்கள். 2014 ஜனவரியில் கிடங்கு தீப்பிடித்து எல்லாம் போயிற்று. பாலிசி கிடங்குக்காரர் பெயரில் இருந்தது, இன்சூரன்ஸ் நிறுவனம் ஈடு தர மறுத்தது. விவசாயிகளுக்கும் எங்களுக்கும் நேரடி ஒப்பந்தமே இல்லை என்று வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில்தான், அந்தப் பாலிசியால் பயன்பெற வேண்டியவர்கள் விவசாயிகளே, அவர்களும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நமக்குச் சாதகம். ஆனால் எரிந்த சரக்குக்கு ஆறு வருஷம் காத்திருக்க முடிகிற வீடு எது?

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் இப்போது முடிவு செய்யும் விதம் இது. மூன்று மாதத்துக்குள் விற்றுவிடுவேன் என்றால் கோல்டு ஸ்டோரேஜே வேண்டாம், களத்திலிருந்து நேராகச் சந்தைக்கு. தவணையாக விற்பதாக இருந்தால் உள்ளே போன தேதியிலிருந்து மாதம் எண்ணும் கிடங்கு. மொத்தமும் நவம்பருக்கு என்றால் மட்டும் சீசன் வாடகை. கடன் தேவைப்பட்டால் லாரி வாடகையைப் பார்க்காமல் விற்பனைக் கூடம். ஆனால் இந்த வரிசைக்கெல்லாம் முன்னால், ஈரத்தையும் மதிப்பையும் ரசீதில் எழுதித் தரச் சம்மதிக்காத இடத்துக்கு நான் போவதில்லை. எழுதித் தருபவர் மாதம் மூன்று ரூபாய் கூடக் கேட்டால், நம் கணக்கில் அது 1,080 ரூபாய். ஒரு மூட்டையின் கால் பங்கு மதிப்பு.

ரசீதில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: "முண்டு வத்தல், 60 மூட்டை, மூட்டைக்கு 25 கிலோ, இறக்கும்போது இருவர் முன்னிலையில் பார்த்த ஈரம் 10.5 சதவீதம், மதிப்பு கிலோ 180 ரூபாய், மரச்சட்டத்தின்மேல் அடுக்கப்பட்டது, வாடகை மாதம் ஏப்ரல் 12 முதல்." ஈரமானி கிடங்கிலேயே இருக்கும், ஐந்தாறு மூட்டையில் எடுத்துச் சராசரி போட்டால் போதும். அந்த மாதிரியிலேயே கால் கிலோவை ஒரு பையில் போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஒட்டி, அதே அறையில் வைக்கச் சொல்கிறேன். பிறகு தகராறு வந்தால் பையைப் பிரித்தால் தெரிந்துவிடும். எடைக் குறைவுக்கு எவ்வளவு வரை கழிவு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஏழு மாதத்தில் சிறிது எடை ஏறி இறங்குவது இயல்பு. கழிவு அளவு எழுதாவிட்டால் குறைந்ததெல்லாம் இயல்பு என்று ஆகிவிடும். நடுவில் ஆடியிலும் புரட்டாசியிலும் ஒரு முறை போய், அடிவரிசையில் ஒரு மூட்டையை உருவச் சொல்லி உலுக்கிப் பார்க்கிறேன். உருவ மறுக்கும் இடத்தில் மீதிச் சரக்கையும் அந்த மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுவேன்.

வெளியே எடுக்கும் நாளும் பொறுப்புக் கணக்கில் சேர்த்திதான். குளிரில் கிடந்த மூட்டையை மழைக்கால ஈரக்காற்றில் நேராக லாரியில் ஏற்றினால் சாக்கும் வத்தலும் வியர்த்துவிடும். சந்தையில் இறக்கும்போது கை வைத்தால் பிசுபிசுக்கும், வியாபாரி "பதத்துப்போச்சே" என்பார். முதல் நாள் சாயங்காலமே மூட்டைகளைக் கிடங்கின் முன்னறைக்கு மாற்றி ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு ராத்திரிக்கு வாடகை உண்டா, மாற்றுகிற கூலி யார் தருவது, அன்று ராத்திரி முன்னறையில் சரக்கு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை ஏப்ரலிலேயே கேட்டு ரசீதில் கடைசி வரியாக எழுதி வாங்கிவிடுகிறேன்.